நான்கு படி, நான்கு நிறம்: ஒரு புகைப்படம் பாப் ஆர்ட் ஆவது எப்படி

ஒரு முகப் படத்தை எடுத்து, போஸ்டரைஸ் என்ற கட்டளையில் 4 என்று கொடுத்தால் நான்கு பளிச் நிறங்களில் ஒரு பாப் ஆர்ட் ஓவியம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுத்துப் பார்த்தால் கன்னத்தில் பாசி படிந்ததுபோல் பச்சைத் திட்டு வருகிறது, சுவரில் புள்ளி புள்ளியாகத் தூசு பறக்கிறது, நிறங்களும் நான்கோடு நிற்பதில்லை. உடனே படம் சரியில்லை, அல்லது மென்பொருள் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. படத்தைப் படிகளாக வெட்டுவது ஒரு வேலை. வெட்டிய படிகளுக்கு நிறம் கொடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைச் செய்வது போஸ்டரைஸ், இரண்டாவதைச் செய்வது கிரேடியன்ட் மேப். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பச்சைத் திட்டு வருகிறது.

## போஸ்டரைஸ்: பஸ் ஸ்டேஜ் கணக்கு

பஸ்ஸில் நீங்கள் போகும் தூரம் மீட்டர் மீட்டராகக் கூடிக்கொண்டே போகிறது. கட்டணம் அப்படிக் கூடுவதில்லை. ஒரு ஸ்டேஜுக்குள் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், ஸ்டேஜ் தாண்டினால் ஒரே தாவலில் அடுத்த கட்டணம். போஸ்டரைஸ் செய்வதும் இதேதான்.

கணினியில் ஒரு சாம்பல் நிறப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண் இருக்கும். 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. இந்த எண்ணை இனி 'வெளிச்ச எண்' என்று சொல்வோம். நெற்றியிலிருந்து தாடை வரை வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும்போது இந்த எண் 210, 209, 208 என்று வழுக்கிக்கொண்டே இறங்கும். போஸ்டரைஸில் 4 என்று சொன்னால் இந்த 256 எண்களும் நான்கே எண்களாகச் சுருங்கிவிடும்: 0, 85, 170, 255. இடையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் இந்த நான்கில் ஒன்றின் கணக்கில் சேரும். சாய்தளம் போல் இருந்த வெளிச்சம் படிக்கட்டாகிவிடுகிறது.

எந்த எண் எந்தப் படியில் சேரும் என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் சிறு வித்தியாசம் உண்டு. 64, 128, 192 ஆகிய இடங்களில் வெட்டி நான்கு சமத் துண்டுகள் ஆக்குவது ஒரு முறை. எந்தப் படி பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேர்ப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் வெட்டு ஏறக்குறைய 42, 127, 212 ஆகிய இடங்களில் விழும். அதனால் கருப்புப் படியும் வெள்ளைப் படியும் ஒல்லியாகவும் நடுப்படிகள் இரண்டும் அகலமாகவும் இருக்கும். ஒரே படம் ஒரு மென்பொருளில் இருட்டாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் வந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்த முறையானாலும் போஸ்டரைஸ் பார்ப்பது எண்ணை மட்டும்தான். இது கண், இது மூக்கு, இந்த இடத்தில் வெட்டினால் முகம் கெட்டுவிடும் என்று அதற்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

## பச்சைத் திட்டு எங்கிருந்து வருகிறது

வண்ணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் இல்லை, மூன்று எண்கள் இருக்கின்றன: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. இந்த மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றையும் சேனல் என்பார்கள். வண்ணப் படத்தில் போஸ்டரைஸ் 4 என்று கொடுத்தால் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாக நான்கு படிகளாக வெட்டப்படுகிறது. நான்கு சிவப்பு, நான்கு பச்சை, நான்கு நீலம் ஆகியவை ஒன்றோடொன்று சேரும்போது 4 × 4 × 4 = 64 நிறங்கள் வரை வரலாம். நான்கு நிறம் கேட்டவருக்கு அறுபத்து நான்கு நிறம் கிடைத்தால் படம் அழுக்காகத்தானே தெரியும்.

ஒரு மாநிறக் கன்னத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியில் சிவப்பு 165, பச்சை 110, நீலம் 80. நான்கு படியில் இது 170, 85, 85 ஆகிறது. செங்கல் நிறம், பரவாயில்லை. சற்றுத் தள்ளி, கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் பட்ட இடத்தில் 175, 132, 100 என்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே தோல்தான். ஆனால் பச்சை எண் 110-லிருந்து 132-க்குப் போகும் வழியில் வெட்டுக்கோட்டைத் தாண்டிவிட்டது. அதனால் அந்தப் புள்ளி 170, 170, 85 ஆகிவிடுகிறது. அது ஆலிவ் பச்சை. தோலின் சிவப்பு எண் ஓரிடத்திலும் பச்சை எண் வேறோர் இடத்திலும் கோட்டைத் தாண்டுவதால், செங்கல் நிறத்துக்கும் பாசி நிறத்துக்கும் நடுவில் முகம் கிழிபடுகிறது.

எனவே போஸ்டரைஸ் செய்வதற்கு முன்பு படத்தை ஒற்றை எண் உள்ளதாக, அதாவது சாம்பல் படமாக, மாற்ற வேண்டும். நிறம் பிறகு வரட்டும்.

இதுவரை: போஸ்டரைஸ் வெளிச்சத்தைப் படிகளாக வெட்டும். சாம்பல் படத்தில் 4 என்றால் நான்கு படி. வண்ணப் படத்தில் 4 என்றால் 64 நிறம் வரை.

## கிரேடியன்ட் மேப்: எண்ணுக்கு நிறம்

ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறிக்கொண்டே போகும் பட்டையைக் கிரேடியன்ட் என்கிறோம். அதன் இடது முனையை 0 என்றும் வலது முனையை 255 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிரேடியன்ட் மேப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்ச எண்ணைப் படிக்கிறது. பட்டையில் அதே எண் உள்ள இடத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதை எடுத்து அந்தப் புள்ளியில் வைக்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை.

மறுபடி பஸ்ஸுக்கே வருவோம். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு நிறத்தில் டிக்கெட் என்று வைத்துக்கொண்டால், கிரேடியன்ட் மேப்தான் கண்டக்டர். ஏறியவர் ஆசிரியரா, பூக்காரரா என்று அவர் பார்ப்பதில்லை, எந்த ஸ்டேஜ் என்று மட்டும் கேட்டு டிக்கெட்டைக் கிழிக்கிறார். அதுபோலவே ஒரே வெளிச்ச எண் உள்ள உதடும் சுவரும் ஒரே நிறம் பெறும். 'உதட்டை மட்டும் சிவப்பாக்க கிரேடியன்டில் எந்த நிறத்தை மாற்றுவது?' என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போவது இதனால்தான். கிரேடியன்டுக்கு உதடு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பட்டையில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மாறினால் படமும் கரைந்தே இருக்கும். பட்டையிலேயே நிறங்களைக் கத்தரித்து ஒட்டியதுபோல் வைத்தால், அதாவது முதல் கால் பகுதி முழுக்க ஒரு நிறம், அடுத்த கால் பகுதி முழுக்க இன்னொரு நிறம் என்று வைத்தால், போஸ்டரைஸே தேவையில்லை. பட்டையே படிக்கட்டாகிவிடுகிறது. இந்த வழியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. போஸ்டரைஸ் தன் கணக்குப்படியே வெட்டும், இங்கேயோ வெட்டுக்கோடு எங்கே விழ வேண்டும் என்பது உங்கள் கையில். முகப் படத்துக்கு இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். எத்தனை படி போதும் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள போஸ்டரைஸ் நல்லது. 3 கொடுத்தால் முகம் அடையாளம் தெரிகிறதா, 5 கொடுத்தால் அதிகப்படியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த அடுக்கை அணைத்துவிடலாம்.

## வார்ஹோல் செய்தது இது அல்ல

பாப் ஆர்ட் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஆண்டி வார்ஹோல் 1962-இல் செய்யத் தொடங்கிய மர்லின் மன்றோ படங்கள். அவற்றைக் கிரேடியன்ட் மேப்பில் கொண்டுவர முயல்பவர்கள் எப்போதும் தோற்கிறார்கள். காரணம், அவற்றில் நிறம் வெளிச்சத்தைப் பின்பற்றவில்லை. 'நயாகரா' படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்றை அவர் பட்டுத்துணித் திரைக்கு மாற்றினார். திரை அச்சில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் சில இடங்கள் அடைபட்டும் சில இடங்கள் திறந்தும் இருக்கும். ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் திறந்த இடத்தில் மட்டும் மை இறங்கும். கூந்தலுக்கு மஞ்சள், கண்ணிமைக்கு நீலம், உதட்டுக்குச் சிவப்பு என்று பகுதி பகுதியாக நிறத்தைப் பூசி, அதன்மேல் புகைப்படத்தின் கருப்பை மட்டும் அச்சிட்டால் அந்தத் தோற்றம் வருகிறது. நிறமும் கருப்பும் கச்சிதமாகப் பொருந்தாமல் உதட்டுச் சிவப்பு கோட்டுக்கு வெளியே வழிவதும் அதனால்தான்.

அந்தத் தோற்றம் வேண்டுமானால் முறையே வேறு. சாம்பல் படத்தை Threshold கட்டளையால் இரண்டே படிகளாக, கருப்பும் வெள்ளையுமாக, வெட்டி, அந்த அடுக்கின் கலப்பு முறையை Multiply என்று வைக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு புதிய அடுக்கில் தூரிகையால் கையாலேயே நிறம் பூச வேண்டும்.

கிரேடியன்ட் மேப்புக்கு நெருக்கமான உதாரணம் ஷெப்பர்ட் ஃபேரி 2008-இல் வரைந்த ஒபாமாவின் 'ஹோப்' சுவரொட்டி. ஒரு செய்திப் புகைப்படத்தின் முகம் அதில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம், வெளிர்மஞ்சள் கலந்த வெண்மை என்று சில தட்டை நிறங்களாகப் பிரிந்திருக்கும். அடர் நிழலில் கருநீலம், வெளிச்சம் விழும் இடத்தில் வெண்மை. அதிலும் எல்லைகளைக் கலைஞரின் கைதான் தீர்மானித்தது, ஆனால் வெளிச்சத்தின் படிக்கு ஒரு நிறம் என்ற தர்க்கம் ஒன்றே. நாம் இங்கே செய்யப்போவது இந்த வகை.

## ஒரு முகத்தை முழுவதும் செய்து பார்ப்போம்

ஃபோட்டோஷாப்பிலும், உலாவியிலேயே இலவசமாக ஓடும் ஃபோட்டோபியாவிலும் கட்டளைப் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே. அதனால் அந்தப் பெயர்களையே தருகிறேன். கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு பின்னால் இருக்கிறது.

படம் இப்படி: மாநிற முகம், கருங்கூந்தல், மஞ்சள் சட்டை, பின்னால் வெளிர்நீலச் சுவர். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுகிறது. இந்தப் பக்கவாட்டு வெளிச்சம் முக்கியம். நேரே ஃபிளாஷ் அடித்து எடுத்த முகத்தில் நெற்றி, கன்னம், தாடை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் இருக்கும், எவ்வளவு வெட்டினாலும் அப்பளம் போல் தட்டையாகவே வரும். படத்தின் அகலம் 2000 புள்ளியாவது இருக்கட்டும்.

முதலில் சாம்பலாக்க வேண்டும். இதை ஏனோதானோ என்று செய்யக் கூடாது. வழக்கமான சாம்பல் மாற்றத்தில் சிவப்பு எண்ணில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்ற விகிதத்தில் கலப்பார்கள். நம் கன்னம் (165, 110, 80) அப்படிக் கலந்தால் 123-இல் வந்து நிற்கும். உதடு (150, 70, 75) ஏறக்குறைய 95. 64, 128, 192 என்று வெட்டினால் இரண்டும் ஒரே படியில் விழுந்து உதடு காணாமல் போய்விடும். மாநிறமும் கருநிறமும் உள்ள முகங்களில் இது அடிக்கடி நடக்கும். முகம் முழுவதும் ஒரு படி கீழே இறங்கி, நிழல் பக்கம் கூந்தலோடு ஒட்டிக்கொள்ளும்.

தோல் சிவப்பை அதிகம் பிரதிபலிப்பதால், சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் முகம் நன்றாக மேலே வந்துவிடும்: கன்னம் 165. ஆனால் உதடும் சிவப்புதானே, அதுவும் 150-க்கு ஏறிக் கன்னத்தோடு கலந்துவிடும். ஆகவே நடுவழி. Layer > New Adjustment Layer > Channel Mixer திறந்து, Monochrome என்பதை டிக் செய்து, Red 60, Green 40, Blue 0 என்று கொடுங்கள். இப்போது கணக்கு இப்படி வரும்:

கூந்தல் (40, 34, 32) 38 ஆகிறது. கன்னத்தின் நிழல் பக்கம் (110, 70, 50) 94. நீலச் சுவர் (90, 130, 170) 106. உதடு 118. வெளிச்சப் பக்கக் கன்னம் 143. நெற்றியில் பளபளக்கும் இடம் (225, 180, 150) 207. மஞ்சள் சட்டை (240, 200, 60) 224.

128-இல் ஒரு கோடு போட்டால் உதடு கீழேயும் கன்னம் மேலேயும் பிரிந்து நிற்கின்றன. நமக்கு வேண்டியது இதுதான். உங்கள் படத்தில் எண்கள் வேறாக இருக்கும். ஐட்ராப்பர் கருவியால் கன்னம், உதடு, கூந்தல் மூன்றையும் தொட்டுப் பார்த்து, அவை மூன்றும் தனித்தனிப் படியில் விழும்வரை சிவப்பையும் பச்சையையும் முன்பின் நகர்த்துங்கள். இரண்டின் கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டி இருந்தால் படம் வெளுத்தும் போகாது, இருண்டும் போகாது.

அடுத்து Layer > New Adjustment Layer > Gradient Map. பட்டையைச் சொடுக்கினால் திருத்தும் பெட்டி திறக்கும். பட்டைக்குக் கீழே உள்ள சிறு கைப்பிடிகள்தான் நிறம் நிற்கும் இடங்கள். ஒவ்வொன்றுக்கும் Location என்ற சதவீதம் உண்டு. 0% என்பது வெளிச்ச எண் 0, 100% என்பது 255. எட்டுக் கைப்பிடிகள் தேவை:

0 மற்றும் 25-இல் கருநீலம் `#1D1A4B`
26 மற்றும் 50-இல் இளஞ்சிவப்பு `#E0245E`
51 மற்றும் 75-இல் ஆரஞ்சு `#FF963C`
76 மற்றும் 100-இல் வெளிர்மஞ்சள் `#FFF096`

ஒவ்வொரு நிறத்துக்கும் தொடக்கத்தில் ஒரு கைப்பிடி, முடிவில் ஒன்று. 25-க்கும் 26-க்கும் இடையே விட்ட அந்த ஒரு சதவீதம் வீண் இல்லை. இரண்டு கைப்பிடிகளையும் ஒரே இடத்தில் வைத்தால் எல்லைக்கோடு ரம்பப் பல்லாக வரும். ஒரு சதவீத இடைவெளியில் மிக மெல்லிய கலப்பு ஏற்பட்டு, கோடு வெட்டியதுபோலவும் இருக்கும், உறுத்தாமலும் இருக்கும். Dither என்ற தேர்வு டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது கலப்பு இடங்களில் வேண்டுமென்றே இரைச்சலை, அதாவது தாறுமாறான சிறு புள்ளிகளை, தூவும்.

விளைவைப் பாருங்கள். கூந்தல் கருநீலம். கன்ன நிழலும் உதடும் இளஞ்சிவப்பு. கன்னம் ஆரஞ்சு. நெற்றிப் பளபளப்பு வெளிர்மஞ்சள். இதுவரை நன்று. ஆனால் சுவரும் இளஞ்சிவப்பு, ஏனென்றால் அதன் எண் 106. நிழல் பக்கத்துக் கன்னத்தின் ஓரம் சுவரோடு கரைந்து, முகத்தின் விளிம்பு அங்கே தொலைந்துவிடுகிறது. இதைக் கிரேடியன்டால் தீர்க்க முடியாது. சுவரைத் தேர்வுசெய்து, கிரேடியன்ட் மேப்புக்கு மேலே ஒரு புதிய அடுக்கில் தட்டையாக ஒரே நிறம் நிரப்புவதே வழி. பின்னணியை இப்படித் தனியாகக் கையாள்வது குறுக்குவழி என்று யாரும் தயங்க வேண்டாம், அச்சகத்தில் தனி மைத்தகடு போடுவதற்குச் சமம் அது.

வெட்டுக்கோடுகளை இப்போது நகர்த்திப் பாருங்கள். கண்குழியும் புருவமும் ஒரே கருநீலக் குளமாக அடைந்துவிட்டால், அந்த இடத்தின் எண் 55 அளவில், அதாவது 22 சதவீதத்தில், இருக்கிறது என்று பொருள். 25, 26 கைப்பிடிகள் இரண்டையும் 18, 19-க்குத் தள்ளினால் கண்குழி இளஞ்சிவப்புக்கு வந்துவிடும். கூந்தல் 15 சதவீதத்தில் இருப்பதால் கருநீலத்திலேயே தங்கும். போஸ்டரைஸில் செய்ய முடியாதது இந்த ஒரு அசைவுதான், முகத்தைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இதுதான்.

கிம்பில்: Colors > Desaturate > Mono Mixer சாம்பலாக்கும். அதன் உட்கணக்கு வேறாக இருக்கலாம் என்பதால் மேலே கொடுத்த எண்களை அப்படியே நம்பாமல் கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். புதிய கிரேடியன்ட் ஒன்றைத் திறந்து, அதை நான்கு சமத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். அந்தக் கிரேடியன்ட் தேர்வில் இருக்கும்போதே Colors > Map > Gradient Map. எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் கடைசியாகப் பயன்படுத்திய பட்டையையே அது எடுத்துக்கொள்ளும். எந்த மென்பொருளானாலும் படத்தின் Mode-ஐ Grayscale என்று மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் அந்தக் கோப்பில் நிறத்துக்கே இடமில்லை, கிரேடியன்ட் மேப் சாம்பலையே திருப்பித் தரும். Mode RGB-யாகவே இருக்க வேண்டும், தோற்றம் மட்டும் சாம்பலாக இருக்க வேண்டும்.

இதுவரை: சேனல் கலவை எந்தப் பகுதி எந்த எண்ணில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கைப்பிடிகளின் இடம் எங்கே வெட்டு விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. கைப்பிடிகளின் நிறம் கடைசியாகத்தான் வருகிறது.

## நிறங்களின் உள்வெளிச்சம்

பாப் ஆர்ட் என்றால் எந்த நிறத்தையும் எங்கேயும் போடலாம் என்பது இன்னொரு தவறான எண்ணம். நிறம் எதுவாகவும் இருக்கலாம், அது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனக்கென ஒரு வெளிச்ச எண் உண்டு. முன்பு சொன்ன 30, 59, 11 விகிதத்தில் கணக்கிட்டால் தூய நீலம் சுமார் 28, தூய சிவப்பு 77, தூய மஞ்சள் 227. மூன்றும் திரையில் ஒரே அளவு பளிச்சென்று தெரிந்தாலும் கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சம், நீலம் இருட்டு.

நாம் எடுத்த நான்கு நிறங்களின் எண்கள் 32, 99, 172, 235. ஏறுவரிசை. அதனால்தான் முகம் ஆரஞ்சாக இருந்தும் மனிதராகத் தெரிகிறார். நிழலுக்கு மஞ்சளும் கன்னத்துக்கு நீலமும் கொடுத்துப் பாருங்கள். குழிய வேண்டிய இடம் புடைத்தும், புடைக்க வேண்டிய இடம் குழிந்தும், பழைய ஃபிலிம் நெகடிவைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஆள் அடையாளமே தெரியாது. அந்த விளைவு வேண்டும் என்று தெரிந்தே செய்தால் சரி, தெரியாமல் நேர்ந்தால் அது பிழை.

சரிபார்க்க எளிய வழி: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அடுக்கைச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, அதன் கலப்பு முறையை Color என்று வையுங்கள். நிறம் நீங்கி உள்வெளிச்சம் மட்டும் தெரியும். நான்கு படிகளும் தெளிவாகப் பிரிந்து, முகம் முகமாகத் தெரிந்தால் நிறங்கள் சரி. இரண்டு படிகள் ஒன்றாகக் கலந்தால் அந்த இரண்டில் ஒன்றை இருட்டாக்கவோ வெளிச்சமாக்கவோ வேண்டும். இந்தச் சோதனைக்கு Desaturate கட்டளையையோ Hue/Saturation-இல் Saturation-ஐ −100 வைப்பதையோ ஃபோட்டோஷாப்பில் நம்பக் கூடாது. அங்கே அவை மூன்று சேனல்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகின்றன. தூய நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றுமே ஒரே நடுச் சாம்பலாக வந்து உங்களை ஏமாற்றும்.

## தீவுகளும் தூசும்

படி எல்லைகளின் ஓரத்தில் குட்டிக் குட்டித் தீவுகள் முளைப்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. ஒரு தோல் பகுதியின் எண் 127, 129, 126, 130 என்று வெட்டுக்கோட்டைச் சுற்றியே ஊசலாடினால், ஒரு புள்ளி இளஞ்சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு என்று மாறி மாறி விழும். புகைப்படத்தில் கண்ணுக்கே தெரியாத இரைச்சல், வெட்டியபின் தூசாகத் தெரிகிறது. வாட்ஸாப்பில் சுற்றி வந்த படங்களில் இது இன்னும் மோசம். ஜேபெக் சுருக்கம் படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்யும், அந்தக் கட்டங்களின் ஓரம் படி எல்லையில் சதுரச் சதுரமாக வெளியே வரும். எல்லையில் சதுரப் பற்கள் தெரிந்தால் குற்றவாளி சுருக்கம்தான், மூலப் படத்தைத் தேடிப் பிடியுங்கள்.

மருந்து, வெட்டுவதற்கு முன் மெழுகுவது. அடியில் உள்ள புகைப்பட அடுக்கில் Filter > Noise > Median கொடுத்து, 2000 புள்ளி அகலப் படத்துக்கு Radius 5-இலிருந்து 8 வரை வைத்துப் பாருங்கள். மீடியன் என்பது ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தின் நடு மதிப்பால் மாற்றும் வடிகட்டி. சாதாரண மங்கலாக்கலைவிட இது விளிம்புகளை நன்றாகக் காப்பாற்றும், தனித்து நிற்கும் புள்ளிகளை விழுங்கிவிடும். எல்லைகள் தூரிகையால் வரைந்ததுபோல் வளைந்து வரும். 15-ஐத் தாண்டினால் கண்ணின் வெண்மையும் மூக்குத்துளையும் கரையத் தொடங்கும். அப்படியானால் கண், வாய்ப் பகுதிக்கு மட்டும் ஒரு முகமூடி அடுக்கு போட்டு மெழுகலைக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வேறொரு கேடு. வெட்டி நிறம் கொடுத்து முடித்த படத்தை மங்கலாக்கினால் இளஞ்சிவப்புக்கும் வெளிர்மஞ்சளுக்கும் நடுவே நீங்கள் தேர்ந்தெடுக்காத சேற்று நிறங்கள் பிறக்கும். போஸ்டரைஸ் செய்து தட்டையாக்கிய சாம்பல் படத்தைப் பெரிதாக்கிவிட்டு அதன்மேல் கரையும் கிரேடியன்ட் போட்டாலும் இதே கதை: 0-க்கும் 255-க்கும் நேராக ஒட்டியிருந்த எல்லையில் 85, 170 போன்ற இடை எண்கள் முளைத்து, கூந்தலுக்கும் சட்டைக்கும் நடுவில் சம்பந்தமில்லாத ஒரு மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஓடும். பெரிதாக்குவதானால் வெட்டுவதற்கு முன்பே பெரிதாக்குங்கள். முடித்ததைப் பிஎன்ஜியாகச் சேமியுங்கள். தட்டை நிறத்தின் கூர்மையான ஓரத்தில் ஜேபெக் அழுக்குப் புகையை விடும்.

## நான்கு கட்டப் படம்

ஒரே முகம் நான்கு நிறக் கூட்டங்களில் இரண்டுக்கு இரண்டாக நிற்கும் படத்துக்கு, நான்கு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மீடியனும் சேனல் கலவையும் ஒருமுறைதான். கிரேடியன்ட் மேப் அடுக்கை மட்டும் மூன்று முறை நகலெடுத்து, கைப்பிடிகளின் இடத்தைத் தொடாமல் நிறங்களை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கோடுகள் நான்கிலும் ஒன்றாக இருப்பதால்தான் ஒரே தகட்டில் அச்சிட்ட தோற்றம் வருகிறது.

இரண்டாவது கூட்டத்துக்கு `#280A3C`, `#146EC8`, `#3CC8AA`, `#FFEB50` என்பவற்றை வைத்துப் பாருங்கள். கத்தரிப்பூ நிறத்திலிருந்து நீலம், கடல்பச்சை வழியாக மஞ்சளுக்கு ஏறும் இதன் உள்வெளிச்ச எண்கள் சுமார் 25, 93, 155, 224. முதல் கூட்டத்தின் 32, 99, 172, 235-க்கு இவை பக்கத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். கட்டங்களை அடுக்கியபின் ஒன்று மட்டும் பின்னுக்குப் போவதுபோல் தெரிந்தால், சாம்பல் அடுக்குச் சோதனையை நான்கின் மேலும் ஒரே நேரத்தில் வையுங்கள். பின்னுக்குப் போன கட்டத்தில் எந்தப் படி மற்ற மூன்று கட்டங்களில் உள்ள அதே படியைவிட இருட்டாக இருக்கிறதோ, அந்தப் படியின் இரண்டு கைப்பிடிகளின் நிறத்தை மட்டும் ஒன்றுபோலக் கொஞ்சம் வெளுப்பாக்கினால் போதும்.